34 விரிவுரைக் கோப்புகள், ஒரே குறிப்பு வலை: ஒரு பருவப் பாடத்தை அப்சிடியனில் கோக்கும் முறை

நாகர்கோவிலில் இளங்கலைப் புவியியல் படிக்கும் என் சித்தி மகள், சென்ற பருவத்தின் கடைசியில் தன் மடிக்கணினியை என் முன்னால் வைத்தாள். கடற்கரைப் புவியியல் என்ற ஒரே தாளுக்கு 34 கோப்புகள் இருந்தன. அவற்றில் 19 வகுப்பில் காட்டிய படவில்லைகளின் பிடிஎஃப், 11 அவளே தட்டச்சு செய்த வேர்டு கோப்புகள், மீதி நான்கும் கரும்பலகையைக் கைப்பேசியில் எடுத்த படங்கள். வாட்ஸ்அப் குழுவில் வந்தவை வந்த பெயரிலேயே கிடந்தன. ஒன்றின் பெயர் `Lec 7 (1).pdf`, இன்னொன்றின் பெயர் `unit 3 new final.pdf`. "எல்லாம் கையில இருக்கு அண்ணா, ஆனா கழிமுகம்னு பத்து மார்க் கேள்வி வந்தா எந்தெந்த ஃபைலத் திறக்கணும்னுதான் தெரியல" என்றாள்.

அவள் சொன்னதில்தான் சிக்கலின் வடிவம் இருக்கிறது. விரிவுரைகள் நாள்வாரியாக வருகின்றன. தேர்வு வினாவோ கருத்துவாரியாக வருகிறது. ஆறு கடலோடு கலக்கும் கழிமுகம் பற்றி ஏழாம் விரிவுரையில் பாதி, பன்னிரண்டாம் விரிவுரையில் கொஞ்சம், பத்தொன்பதாம் விரிவுரையில் ஒரு வரி என்று சிதறிக் கிடக்கும் செய்தியை ஒரே இடத்தில் காட்டுவதுதான் நாம் கட்டப்போகும் வலையின் வேலை. அந்தத் தாளை அவளோடு உட்கார்ந்து கோத்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். அப்சிடியன் என்ற குறிப்பெடுக்கும் மென்பொருளை இதுவரை திறந்தே பார்க்காதவர்களும் தொடர்ந்து வரலாம். அதன் திரையில் ஆங்கிலத்தில் தெரியும் பெயர்களை அப்படியே கொடுத்திருக்கிறேன்.

## வால்ட்டும் மூன்று கோப்புறைகளும்

அப்சிடியன் கணினியிலும் கைப்பேசியிலும் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் முதலில் உருவாக்க வேண்டியது வால்ட். பெயர் பெரிதாக இருந்தாலும் அது உங்கள் கணினியில் இருக்கும் ஒரு சாதாரணக் கோப்புறைதான். அதற்குள் இருக்கும் ஒவ்வொரு குறிப்பும் `.md` என்று முடியும் வெறும் எழுத்துக் கோப்பு. நாளை அப்சிடியனை நீக்கிவிட்டாலும் அந்தக் கோப்புகளை நோட்பேடில் திறந்து படித்துக்கொள்ள முடியும்.

`Create new vault` என்பதை அழுத்தி, `கடற்கரைப் புவியியல்` என்று பெயரிட்டோம். அதற்குள் `விரிவுரை`, `கருத்து`, `கோப்பு` என்று மூன்று கோப்புறைகளை மட்டும் வைத்தோம். அலகுக்கு ஒரு கோப்புறை, வாரத்துக்கு ஒரு கோப்புறை என்று அடுக்கத் தோன்றும். அந்த ஆசையை இங்கேயே விட்டுவிடுவது நல்லது. ஒரு குறிப்பு ஒரு கோப்புறையில்தான் இருக்க முடியும், ஆனால் கழிமுகம் நான்கு அலகுகளில் வருகிறது. அந்த வேலையை இணைப்புகள் பார்த்துக்கொள்ளும்.

எழுதத் தொடங்கும் முன் `Settings` பகுதியில் `Files and links` என்பதைத் திறந்து இரண்டு இடங்களைச் சரிசெய்யுங்கள். `Automatically update internal links` என்பதை இயக்கிவிட்டால், பின்னால் ஒரு குறிப்பின் பெயரை மாற்றும்போது அதைச் சுட்டும் இணைப்புகள் எல்லாம் தாமாகவே மாறிக்கொள்ளும். `Default location for new attachments` என்ற இடத்தில் `கோப்பு` கோப்புறையைக் காட்டிவிட்டால், நீங்கள் ஒட்டும் படங்கள் வால்ட் முழுவதும் சிந்தாமல் அங்கே போய்ச் சேரும்.

## விரிவுரைக்கு ஒரு குறிப்பு

அப்சிடியன் பிடிஎஃபையும் படத்தையும் திறந்து காட்டும். வேர்டு கோப்பையும் பவர்பாயிண்ட் கோப்பையும் தனக்குள் திறக்காது. ஆகவே பவர்பாயிண்ட் கோப்புகள் இருந்தால் அவற்றை முதலில் பிடிஎஃபாக மாற்றிக்கொண்டு, எல்லாப் பிடிஎஃபையும் படங்களையும் `கோப்பு` கோப்புறைக்குள் போட வேண்டும். போடும்போதே `Lec07.pdf`, `Lec12.pdf` என்று சீரான பெயர் கொடுத்துவிடுங்கள். வேர்டு கோப்புகளில் இருப்பதை முழுவதுமாகத் தெரிவுசெய்து நகலெடுத்து, புதிய குறிப்பில் ஒட்டினால் தலைப்புகளும் தடித்த எழுத்துகளும் பெரும்பாலும் ஒழுங்காகவே வந்துவிடும். படங்கள் சில வேளை விடுபடும். அவற்றைத் தனித்தனியாக ஒட்ட வேண்டியிருக்கும்.

பழைய வேர்டு கோப்பு ஒன்றை ஒட்டியதும் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் குப்பையாக விழுந்தால், அது பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்த கோப்பு. அதை யூனிகோடாக மாற்றிய பிறகே வால்ட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அப்படியே விட்டால் தேடலிலோ இணைப்பிலோ அந்தக் கோப்பு என்றைக்கும் சிக்காது.

அடுத்து வருவதுதான் பலரும் சோம்பல்பட்டு விட்டுவிடும் படி. ஒவ்வொரு விரிவுரைக்கும், அதன் மூலம் பிடிஎஃபாக இருந்தாலும் படமாக இருந்தாலும், `விரிவுரை` கோப்புறையில் ஒரு குறிப்பு இருக்க வேண்டும். அதில் குறைந்தது ஐந்தாறு வாக்கியங்களாவது நீங்களே தட்டச்சு செய்தவையாக இருக்க வேண்டும். அப்சிடியனின் சொந்தத் தேடல் பிடிஎஃபின் உள்ளே இருக்கும் சொற்களைப் படிப்பதில்லை, கரும்பலகைப் படத்தில் இருக்கும் எழுத்தையும் படிப்பதில்லை. 34 கோப்புகளையும் உள்ளே கொட்டிவிட்டு வலை தானாக உருவாகும் என்று காத்திருந்தால், ஒன்றோடொன்று சேராத 34 புள்ளிகள்தான் மிஞ்சும்.

ஏழாம் விரிவுரைக்கு நாங்கள் எழுதிய குறிப்பின் பெயர் `வி07 கழிமுக உருவாக்கம்`. எண்ணை இரண்டு இலக்கமாக எழுதினால்தான் பட்டியலில் ஏழாவது பத்தாவதற்கு முன்னால் நிற்கும். பெயரில் `:` `/` `?` `#` `|` போன்ற குறிகள் வேண்டாம். சிலவற்றைக் கணினி ஏற்காது, சில இணைப்பைக் குழப்பும். குறிப்பின் தொடக்கம் இப்படி இருந்தது:

```
---
தேதி: 2025-07-21
tags:
  - அலகு/2
  - நிலை/புதிது
---
![[Lec07.pdf]]

பழையாறு மணக்குடியில் கடலோடு கலக்கிறது. மழைக்காலத்தில்
ஆற்றுநீர் மணல்திட்டை உடைத்து வெளியேறும்.
திட்டு உருவாகும் படம்: [[Lec07.pdf#page=6]]
```

மேலும் கீழும் மூன்று கோடுகளுக்கு இடையில் இருப்பது கோப்பின் தலைப்பகுதி. அங்கே `tags` என்பதன் கீழ் வரும் குறிச்சொற்களை `#` இல்லாமல் எழுத வேண்டும். `![[Lec07.pdf]]` என்று வியப்புக்குறியோடு எழுதினால் பிடிஎஃப் அந்த இடத்திலேயே விரியும். அது இல்லாமல் `#page=6` என்று சேர்த்து எழுதினால் சொடுக்கியவுடன் ஆறாம் பக்கம் திறக்கும். நாற்பது பக்கப் படவில்லையில் ஒரே ஒரு வரைபடம்தான் தேவை என்னும்போது இந்தப் பக்க இணைப்பு மிகவும் உதவுகிறது.

## கருத்துக் குறிப்புகள்

விரிவுரைக் குறிப்புகளை ஒன்றோடொன்று நேராக இணைப்பதில் பயன் குறைவு. ஏழாம் விரிவுரையையும் பன்னிரண்டாம் விரிவுரையையும் இணைத்தால், இரண்டுக்கும் ஏதோ தொடர்பு உண்டு என்று தெரியுமே தவிர என்ன தொடர்பு என்று தெரியாது. அவற்றுக்கு நடுவில் ஒரு கருத்துக் குறிப்பு நிற்க வேண்டும். எது கருத்துக் குறிப்பாகத் தகும் என்பதற்கு ஓர் எளிய அளவுகோலை வைத்துக்கொண்டோம்: இரண்டு விரிவுரைகளிலாவது வரும் சொல்லுக்கு மட்டும் தனிக் குறிப்பு. முதலில் தங்கை எழுதிய பட்டியலில் 140 சொற்கள் இருந்தன. இந்த அளவுகோலில் போட்டு அரித்ததும் 46 நின்றன. ஒரே வகுப்பில் ஒரே முறை வந்துபோகும் சொல்லுக்குக் குறிப்பு திறந்தால், அதை வேறு எந்த வகுப்போடும் இணைக்க வழியே இருக்காது.

இணைக்கும் முறை எளிது. விரிவுரைக் குறிப்பில் அந்தச் சொல் வரும் இடத்தில் `[[கழிமுகம்]]` என்று இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதினால் போதும். அந்தப் பெயரில் குறிப்பு இன்னும் இல்லையென்றால் இணைப்பு மங்கலாகத் தெரியும். அதைச் சொடுக்கினால் வெறுமையான குறிப்பு ஒன்று பிறக்கும். ஆகவே 46 குறிப்புகளையும் முன்கூட்டியே உருவாக்கி வைக்கத் தேவையில்லை.

இங்கே நம் மாவட்டத்து மாணவர்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. படவில்லையில் `estuary` என்று இருக்கும். பாடம் நடத்துபவர் கழிமுகம் என்பார். களப்பயணம் போய் மணக்குடியில் நின்றால் மீனவர்கள் பொழிமுகம் என்பார்கள். வேர்டு கோப்புகளில் இந்த மூன்றும் கலந்து கிடந்தன. இதற்கு விடை, கருத்துக் குறிப்பின் தலைப்பகுதியில் மாற்றுப்பெயர்களை எழுதிவைப்பது:

```
---
aliases:
  - பொழிமுகம்
  - estuary
tags:
  - வகை/கருத்து
---
```

இதன் பிறகு `[[பொழி` என்று அடித்தாலே கீழே விரியும் பட்டியலில் பொழிமுகம் தெரியும். அதைத் தெரிவுசெய்தால் `[[கழிமுகம்|பொழிமுகம்]]` என்று அப்சிடியனே எழுதிக்கொள்ளும். செங்குத்துக் கோட்டுக்கு முன்னால் இருப்பது போய்ச் சேரும் இடம், பின்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியும் சொல். காயல் என்ற சொல்லையும் இதே பட்டியலில் சேர்த்துவிடலாம் என்று தங்கை சொன்னாள். நான் வேண்டாம் என்றேன். பேச்சில் ஒன்றுபோலப் புழங்கினாலும், பாடத்தில் காயல் வேறு நிலவடிவம், அதற்குத் தனி வினா வரும். மாற்றுப்பெயர் என்பது ஒரே பொருளின் இன்னொரு பெயருக்கு மட்டும்தான்.

## வேற்றுமை உருபு செய்யும் குழப்பம்

ஆங்கிலத்தில் குறிப்பெடுப்பவர்களுக்காக எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. ஆனால் தமிழில் வலை கட்டுபவருக்கு நேரம் அதிகம் போவது இங்கேதான். நாம் வாக்கியத்துக்குள் கழிமுகம் என்று எழுதுவது குறைவு. கழிமுகத்தில், கழிமுகத்தின், கழிமுகங்கள் என்றே எழுதுகிறோம். வாக்கியத்தில் இருக்கும் சொல்லைத் தெரிவுசெய்து `[` விசையை இரண்டு முறை அழுத்தினால் அடைப்பு சுற்றிலும் விழும் என்பதால், தொடக்கத்தில் நாங்கள் அப்படியே வேகமாகச் செய்துகொண்டு போனோம். ஒன்பது விரிவுரைகள் முடிந்து வலைப்படத்தைத் திறந்தபோது கழிமுகம் ஒரு புள்ளியாகவும், கழிமுகத்தில் இன்னொரு புள்ளியாகவும், கழிமுகத்தின் மூன்றாவது புள்ளியாகவும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் நின்றன. ஒரு மாலை நேரம் முழுவதும் அதைத் திருத்துவதில் கழிந்தது.

சரியான வழி `[[கழிமுகம்|கழிமுகத்தில்]]` என்று எழுதுவது. இதை முழுவதும் அடிக்க வேண்டியதில்லை. `[[கழி` என்று தொடங்கி, பட்டியலில் கழிமுகம் நிறத்தோடு நிற்கும்போது `|` விசையை அழுத்தினால் பெயர் நிரம்பிக்கொள்ளும். பிறகு வாக்கியத்துக்குத் தேவையான வடிவத்தை மட்டும் எழுதினால் போதும். சொல்லின் கடைசி எழுத்து மாறாமல் உருபு ஒட்டுமானால் இன்னும் சுருக்கமான வழி உண்டு: `[[மணக்குடி]]யில்` என்று அடைப்புக்கு வெளியே உருபை எழுதினால், திரையில் மணக்குடியில் என்றே ஒரே சொல்லாகத் தெரியும். இகரத்தில் முடியும் ஊர்ப்பெயர்களுக்கு இது நன்றாக ஒத்துவருகிறது. மகர மெய்யில் முடியும் சொற்களுக்கும், ஆறு என்பது ஆற்றில் என்று திரிவது போன்ற சொற்களுக்கும் இது உதவாது.

இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. அடிக்கடி வரும் மூன்று நான்கு உருபேற்ற வடிவங்களையும் மாற்றுப்பெயராகவே சேர்த்துவிடுவது:

```
aliases:
  - பொழிமுகம்
  - estuary
  - கழிமுகத்தில்
  - கழிமுகத்தின்
  - கழிமுகங்கள்
```

இலக்கணப்படி பார்த்தால் இது அழகான வேலை இல்லைதான். ஆனால் இதன் பயன் அடுத்த பகுதியில் தெரியும். 46 கருத்துகளுக்கும் இப்படிச் செய்யத் தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு முக்கியக் கருத்துகளுக்குச் செய்தால் போதும்.

## பேக்லிங்க் பலகையைப் படிப்பது

பேக்லிங்க் என்பதைப் பின்னிணைப்பு என்று மொழிபெயர்த்தால் நூலின் கடைசியில் வரும் பகுதி நினைவுக்கு வருவதால், ஒலிபெயர்த்தே எழுதுகிறேன். நீங்கள் வி07 குறிப்பிலிருந்து கழிமுகத்துக்கு ஓர் இணைப்புக் கொடுத்தால், கழிமுகம் குறிப்பு தன்னை யார் சுட்டினார் என்பதைத் தானே தெரிந்துவைத்துக்கொள்கிறது. அந்தப் பட்டியலைத்தான் பேக்லிங்க் என்கிறோம். கழிமுகம் குறிப்பைத் திறந்து, `Ctrl+P` அழுத்தி, `Backlinks: Show backlinks` என்று தேடித் தெரிவுசெய்தால் வலப்புறத்தில் பலகை திறக்கும். அதில் `Linked mentions`, `Unlinked mentions` என்று இரண்டு பிரிவுகள் இருக்கும்.

முதல் பிரிவில், எங்கள் வால்ட்டில், நான்கு விரிவுரைகள் தெரிந்தன. வி07-இலிருந்து பழையாறு கடலோடு சேரும் வரி. வி12-இலிருந்து ஓத நீர் உள்ளே ஏறும் தொலைவு பற்றிய வரி. வி19-இலிருந்து கண்டல் மரங்கள் வேர் பிடிக்கும் சேற்றுநிலம் பற்றிய வரி. வி26-இலிருந்து 2004 ஆழிப்பேரலையில் மணக்குடிப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது பற்றிய வரி. தோற்றம், நீரியல், உயிரியல், பேரிடர் என்று பத்து மதிப்பெண் விடையின் நான்கு பத்திகளும் ஒரே பலகையில் நின்றன. தங்கை அதைப் பார்த்துவிட்டு வேறு எதுவும் பேசாமல் தாளில் விடையின் சட்டகத்தை எழுதத் தொடங்கினாள்.

இது இப்படித் தெரிந்ததற்குக் காரணம் இணைப்பு வாக்கியத்துக்குள் இருந்ததுதான். பலர் குறிப்பின் அடியில் ஒரு வரி சேர்த்து, தொடர்புடையவை என்று தலைப்பிட்டு, எல்லா இணைப்புகளையும் அங்கே கொட்டுவார்கள்.

```
தொடர்புடையவை: [[கழிமுகம்]], [[ஓதம்]], [[கண்டல்]]
```

இப்படி எழுதினால் கழிமுகத்தின் பேக்லிங்க் பலகையில் தெரிவதும் இந்த வரியேதான். எந்த வகுப்பு என்று தெரியும், அந்த வகுப்பு என்ன சொன்னது என்று தெரியாது. மறுபடி கோப்பைத் திறந்துதான் பார்க்க வேண்டும். அதற்கு மாறாக இப்படி எழுதுங்கள்:

```
[[ஓதம்]] ஏறும்போது உப்புநீர் [[கழிமுகம்|கழிமுகத்தின்]]
அடிப்பகுதி வழியாக உள்ளே நுழைகிறது; நன்னீர் மேலே மிதக்கிறது.
```

நன்னீரைவிட உப்புநீருக்கு அடர்த்தி அதிகம் என்பதால் இப்படி நிகழ்கிறது என்ற விளக்கம் அடுத்த வரியில் இருந்தாலும் கவலையில்லை. பலகையின் மேலே இருக்கும் சின்னங்களில் `Show more context` என்பதை அழுத்தினால் சுற்றியுள்ள வரிகளும் சேர்ந்து தெரியும்.

இரண்டாம் பிரிவான `Unlinked mentions` என்பது, இணைப்புக் கொடுக்காமல் அந்தப் பெயரோ மாற்றுப்பெயரோ அப்படியே வந்திருக்கும் இடங்களைத் தேடித் தருகிறது. ஒவ்வொன்றின் அருகிலும் `Link` என்ற பொத்தான் இருக்கும். அழுத்தினால் அந்த இடத்திலேயே இணைப்பு விழும். ஒட்டிய 11 வேர்டு குறிப்புகளை இணைக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. ஆனால் இது எழுத்துக்கு எழுத்துப் பொருத்திப் பார்க்கும் தேடல். தமிழ் இலக்கணம் அதற்குத் தெரியாது. மாற்றுப்பெயர்களில் உருபேற்ற வடிவங்களைச் சேர்க்கும் முன் இந்தப் பிரிவில் எங்களுக்கு இரண்டே இரண்டு இடங்கள் தெரிந்தன. சேர்த்த பிறகு 13 தெரிந்தன. சென்ற பகுதியில் சொன்ன அழகில்லாத வேலையின் பயன் இதுதான்.

## ஒரே பெயரில் இரண்டு ஆறுகள்

`Link` பொத்தானை வரிசையாக அழுத்திக்கொண்டே போகும் வேகத்தில் ஒரு தவறு நேர்ந்தது. தாமிரபரணி என்ற பெயரில் ஒரு கருத்துக் குறிப்பு வைத்திருந்தோம். அதில் எழுதியிருந்தது நம் ஆறு. குழித்துறை வழியாக ஓடித் தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் சேர்வது. ஆனால் வி15 விரிவுரை பேசியது திருநெல்வேலி வழியாக ஓடிப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் சேரும் தாமிரபரணியைப் பற்றி. பொத்தானுக்கு இரண்டும் ஒன்றுதான். அரபிக்கடலில் சேரும் ஆற்றின் குறிப்பில் மன்னார் வளைகுடாவின் வண்டல் பற்றிய வரி வந்து உட்கார்ந்தபோதுதான் பிழை கண்ணில் பட்டது.

ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால், குறிப்பின் பெயரிலேயே வேறுபாடு தெரிய வேண்டும். ஒன்றைக் `குழித்துறைத் தாமிரபரணி` என்றும் மற்றதை `நெல்லைத் தாமிரபரணி` என்றும் பெயர் மாற்றினோம். இரண்டுக்கும் தாமிரபரணி என்ற மாற்றுப்பெயரைக் கொடுத்ததால், `[[தாமிர` என்று அடித்தால் இரண்டும் பட்டியலில் வந்து நிற்கின்றன, எது என்று நாம்தான் தெரிவுசெய்கிறோம். பெயர் மாற்றத்தைக் கட்டாயம் அப்சிடியனுக்குள்ளேயே செய்ய வேண்டும். கணினியின் கோப்பு மேலாளரில் போய் மாற்றினால் பழைய இணைப்புகள் பழைய பெயரையே சுட்டிக்கொண்டு மங்கிப்போகும். `Link` அழுத்தும் முன் அந்த ஒரு வரியைப் படித்துவிடும் பழக்கம், குறிப்பாக ஊர்ப்பெயர்களுக்கும் ஆற்றுப்பெயர்களுக்கும், அவசியம்.

## குறிச்சொற்களுக்கு விட வேண்டிய வேலை

இவ்வளவு தூரம் வந்தும் `#கழிமுகம்` என்று ஒரு குறிச்சொல்லைப் பற்றி நான் பேசவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது வேண்டுமென்றே விட்டதுதான். பொருளைச் சுட்ட இணைப்பு இருக்கும்போது, அதே பொருளுக்குக் குறிச்சொல்லும் வைத்தால் பாதி வகுப்புகள் ஒன்றிலும் மீதி மற்றதிலும் சிக்கும். குறிச்சொல்லுக்குள் எதையும் எழுதிவைக்கவும் முடியாது. கருத்துக் குறிப்புக்குள் விளக்கம், படம், மாற்றுப்பெயர் எல்லாம் வைக்கலாம். இது என் கருத்து. குறிச்சொல்லை மட்டுமே வைத்து நன்றாக வேலை செய்பவர்களும் உண்டு.

நாங்கள் குறிச்சொல்லை இணைப்பு சொல்லாத மூன்று செய்திகளுக்கு ஒதுக்கினோம். முதலாவது பாடத்திட்டத்தில் இடம்: `#அலகு/1` முதல் `#அலகு/5` வரை. சாய்கோடு போட்டால் உட்பிரிவாகிறது; `tag:#அலகு` என்று தேடினால் ஐந்தும், `tag:#அலகு/2` என்று தேடினால் இரண்டாவது மட்டும் வரும். வெறும் எண்ணைக் குறிச்சொல்லாக அப்சிடியன் ஏற்காது, ஆகவே `#2` என்று எழுதிப் பயனில்லை. இடைவெளியும் கூடாது, `#தேர்வு வினா` என்று எழுதினால் `#தேர்வு` மட்டுமே குறிச்சொல்லாகும், `#தேர்வு_வினா` என்று அடிக்கோடு போட வேண்டும்.

இரண்டாவது வேலையின் நிலை. ஒட்டியவுடன் `நிலை/புதிது`, இணைப்புகள் போட்டு முடித்ததும் `நிலை/கோத்தது`. இடையில் கல்லூரி விழா, வீட்டில் திருமணம் என்று பத்து நாள் நின்றுபோனாலும், `tag:#நிலை/புதிது` என்று தேடினால் எங்கே விட்டோம் என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவதுதான் தேர்வு நெருங்கும்போது அதிகம் கைகொடுத்தது. இதைத் தலைப்பகுதியில் எழுதாமல், புரியாத வரியின் கடைசியிலேயே `#ஐயம்` என்று எழுத வேண்டும். அதேபோல முந்தைய வினாத்தாளில் வந்த செய்தியின் வரியில் `#வினா/5` அல்லது `#வினா/10` என்று எழுதலாம். `tag:#ஐயம்` என்று தேடினால் அந்த வரிகளே முடிவில் தெரியும். தங்கை அப்படித் தேடியபோது ஒன்பது வரிகள் வந்தன; அவற்றைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு ஆசிரியரின் அறைக்குப் போனாள்.

## வலைப்படம், நகல்

`Graph view` என்ற வலைப்படத்தைப் பார்த்து மயங்குவது எளிது. படிப்பதற்கு அது நேரடியாக உதவுவது குறைவு. பிழை கண்டுபிடிக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். அதன் அமைப்புகளில் `Existing files only` அணைந்திருந்தால், இன்னும் உருவாகாத குறிப்புகள் மங்கலான புள்ளிகளாகத் தெரியும். கழிமுகத்தின், ஓதத்தால் என்று உருபோடு நிற்கும் புள்ளிகளை அங்கேதான் பிடித்தோம். `Orphans` இயங்கினால் எதனோடும் சேராத குறிப்புகள் ஓரத்தில் தனித்து நிற்கும். எங்களுக்கு அப்படி நின்றது வி28, மணவாளக்குறிச்சிக் கனிம மணல் பற்றிய வகுப்பு. அதில் மோனசைட், இல்மனைட் என்று கனிமங்களின் பெயர்கள் மட்டுமே இருந்தன. அலை மணலைச் சலித்துக் கனமான தாதுக்களைக் கரையில் விட்டுச்செல்வதால்தான் அவை அங்கே சேர்கின்றன என்ற ஒரு வாக்கியத்தை எழுதி, அதில் `[[அலை]]` என்று இணைத்ததும் அது ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தது. அவள் அந்த வகுப்பைப் புரிந்துகொள்ளாமல் பெயர்களை மட்டும் எழுதியிருந்தாள் என்பதையும் அதே படம்தான் காட்டிக்கொடுத்தது.

இத்தனையும் முடிய எங்களுக்கு ஆறு மாலைகள் ஆயின. முடிந்த அன்றே வால்ட் கோப்புறையை முழுவதுமாக ஒரு பென்டிரைவில் நகலெடுத்தோம். நகலெடுக்கும்போது `.obsidian` என்ற மறைந்திருக்கும் கோப்புறையும் சேர்ந்து வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அமைப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அது விடுபட்டாலும் குறிப்புகளுக்கும் இணைப்புகளுக்கும் ஒன்றும் ஆகாது, `Files and links` பகுதியில் செய்த இரண்டு மாற்றங்களை மட்டும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.